பங்காளி விலகும் நாளில் பத்திரம் என்ன சொல்லும்?

2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் வன்னிக்கு மீண்டு வந்து, இடிந்த சுவர்களுக்கு நடுவே வாழ்க்கையை மறுபடியும் தொடங்கிய மக்களுள் தொழில் செய்ய முனைந்தவர்களிற் பலர், தனித்து நிற்பதற்குப் போதிய முதல் தம்மிடம் இல்லாமையால், ஒருவருடைய பணத்தையும் இன்னொருவருடைய காணியையும் வேறொருவருடைய கைத்திறனையும் ஒன்றுசேர்த்தே காரியத்தில் இறங்கினார்கள். பரந்தனிலும் கிளிநொச்சியிலும் அரிசி ஆலைகளும், முல்லைத்தீவுக் கரையில் படகும் வலையும், வவுனியா நகரில் கட்டடப் பொருட் கடைகளும் இப்படிக் கூட்டாகத் தோன்றின. வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் அனுப்பும் பணமும் ஊரிலிருக்கும் தம்பியின் உழைப்பும் சேர்ந்து நடக்கும் வியாபாரங்களும் இங்கே அநேகம். இவற்றிற் பலவற்றுக்கு வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. “எங்களுக்குள்ளை எழுத்து என்னத்துக்கு, அண்ணை?” என்று யாராவது ஒருவர் கேட்டுவிட்டால், அதற்குமேல் உடன்படிக்கையைப் பற்றிப் பிரஸ்தாபிப்பதே அவமரியாதை என்ற எண்ணம் சபையில் வந்துவிடுகிறது. அந்த மௌனத்தினால் விளையும் நஷ்டம் எத்தகையது என்பதையும், பங்குடைமை உடன்படிக்கையில் எதை எழுதினால் அந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம் என்பதையும் சற்று விரிவாக எடுத்துரைப்பது அவசியமென்று கருதுகிறேன்.

இலங்கையில் பங்குடைமை வியாபாரத்தை ஆளும் சட்டம் நமது நாட்டில் இயற்றப்பட்டதன்று. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பங்குடைமை முதலிய சில விஷயங்களில் இங்கிலாந்தின் சட்டமே இங்கும் செல்லும் என்று விதித்தமையால், 1890ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் நிறைவேற்றிய பங்குடைமைச் சட்டமே இன்றும் கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு பங்காளியின் உரிமையைத் தீர்மானிக்கிறது. ஆனால், அதனோடு சேர்த்துப் படிக்க வேண்டிய உள்நாட்டு விதி ஒன்றும் உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட மூலதனத்தையுடைய பங்குடைமையை ஸ்தாபிக்கும் உடன்பாடு எழுத்தில் இருந்து, அதற்குக் கட்டுப்பட வேண்டியவரால் கையொப்பமிடப்பட்டிருந்தாலன்றி, அதற்குச் சட்டத்தில் வலுவில்லை என்கிறது. ஒரு மூடை நெல்லின் விலையே ஆயிரம் ரூபாவைத் தாண்டிப் பன்மடங்காகிவிட்ட இக்காலத்தில், தெருவோரத் தேநீர்க் கடையை இருவர் சேர்ந்து நடத்தினாலும் இந்த விதி அவர்களைப் பற்றிக்கொள்ளும்.

இந்த விதியின் கடுமை எங்கே இருக்கிறது என்பதைப் பலர் அறியார். எழுத்தில்லாத பங்குடைமை இருவருக்குமே இல்லாததாகிவிடும் என்றுதான் சாதாரணமாக நினைக்கத் தோன்றும். உண்மை அதைவிடப் பாதகமானது. அதே 18ஆம் பிரிவின் காப்புவாசகம், வெளியார் ஒருவர் பங்காளிகள்மீதோ பங்காளிகளைப்போல் நடந்துகொண்டவர்கள்மீதோ வழக்குத் தொடுத்து, அவர்களுக்கிடையில் பங்குடைமை இருந்ததைச் சூழ்நிலைச் சாட்சியங்களால் நிரூபிப்பதற்குத் தடையில்லை என்று சொல்லிவைத்திருக்கிறது. ஆகவே, ஆலைக்குக் கடனாக நெல் கொடுத்த வியாபாரி, நீங்களும் அங்கே பங்காளியாக இருந்து பேரம் பேசினீர்கள் என்று காட்டி, தமக்கு வரவேண்டிய முழுத் தொகையையும் உங்களிடம் கேட்கலாம். நீங்களோ, உங்கள் கூட்டாளியிடம் இலாபத்தில் உங்கள் பங்கைக் கேட்டு அதே நீதிமன்றத்துக்குப் போனால், எழுத்து எங்கே என்ற வினாவோடு வழக்கு நின்றுவிடும். பேட் எதிர் பேட் என்ற இலங்கை வழக்கில், 1915ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் இந்த விஷயத்தை ஆராய்ந்து, எழுத்திலுள்ள உடன்பாடு இல்லாதவிடத்து ஒருவர் தம்மைப் பங்காளியென்று வாய்மொழிச் சாட்சியத்தால் நிறுவி மற்றவரிடம் கணக்குக் கேட்பதற்கு இடமில்லை என்று தீர்த்தது. கடன் மட்டும் வந்து சேரும், உரிமை வராது என்ற நிலைக்கு ஒருவர் தம்மை அறியாமலே ஆளாகிறார்.

இங்கே ஒரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவுசெய்து, அந்தச் சான்றிதழில் இருவருடைய பெயர்களும் அச்சாகி வந்ததும், தங்களுடைய பங்குடைமை எழுத்தில் வந்துவிட்டதாக அநேகர் நம்புகிறார்கள். அப்பதிவு அவசியமானதே. ஆயினும், அது இன்ன பெயரில் இன்னார் வியாபாரம் செய்கிறார் என்பதை உலகுக்கு அறிவிக்கும் பத்திரமேயன்றி, யார் எவ்வளவு முதலிட்டார், இலாபத்தை எந்த வீதத்தில் பிரிப்பது, ஒருவர் விலகினால் என்ன கொடுப்பது என்பவற்றுள் ஒன்றையும் அது சொல்வதில்லை. சுவரில் சட்டமிட்டு மாட்டிய சான்றிதழ் உடன்படிக்கையாகாது.

இனி, உடன்படிக்கையின் உள்ளே புகுவோம். விளக்கத்துக்காக ஓர் அரிசி ஆலையைக் கற்பனை செய்துகொள்ளலாம். பரந்தனில் மூவர் சேர்ந்து நாற்பது இலட்சம் ரூபா மூலதனத்தில் அதைத் தொடங்குகிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் மூத்தவர் இருபது இலட்சம் அனுப்புகிறார். ஊரிலுள்ள நெல் வியாபாரி பன்னிரண்டு இலட்சம் இடுகிறார். இயந்திரம் தெரிந்த இளையவர் எட்டு இலட்சத்தைத் தேடிப் பிடித்துப் போட்டு, காலை முதல் இரவுவரை ஆலையிலேயே நிற்கிறார்.

மூலதனத்தைப் பற்றிய பிரிவில் தொகையை மட்டும் எழுதுவது போதாது. அது பணமா, இயந்திரமா, காணியா என்பதையும், பொருளாயின் எந்த விலைக்கு மதிக்கப்பட்டது என்பதையும், பங்குடைமைக்குச் சொந்தமாகக் கொடுக்கப்பட்டதா பாவிப்பதற்கு மட்டும் விடப்பட்டதா என்பதையும் ஐயத்துக்கிடமின்றிச் சொல்ல வேண்டும். பழைய உழவு இயந்திரத்தைத் தந்தவர் விலகும்போது அந்த இயந்திரத்தையே திரும்பக் கேட்கிறாரா, அதன் விலையைக் கேட்கிறாரா என்ற சச்சரவு, இந்த ஒரு வரி இல்லாமையாலேயே பிறக்கிறது. அவ்வாறே, மூலதனத்துக்கு மேலாக ஒருவர் அவசரத்துக்குப் போடும் பணம் மூலதனமன்று, கடன் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். உடன்படிக்கை மௌனமாக இருப்பின், அத்தகைய முற்பணத்துக்கு ஆண்டுக்கு ஐந்து வீத வட்டியை 1890ஆம் ஆண்டுச் சட்டமே அளிக்கிறது. மூலதனத்துக்கோ அது எவ்வித வட்டியையும் அளிப்பதில்லை.

வன்னியைப் பொறுத்தவரையில் காணியே மிகப் பெரிய அபாயம். இரணைமடுவை அண்டிய குடியேற்றங்களிலும் ஏனைய பிரதேசங்களிலும் மக்கள் கையிலுள்ள காணிகளிற் பெரும்பகுதி, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் மூலம் வழங்கப்பட்ட அரச காணி. அத்தகைய காணியை உரிய அதிகாரியின் அங்கீகாரமின்றிக் கைமாற்றவோ குத்தகைக்குக் கொடுக்கவோ பத்திரக்காரருக்கு அதிகாரமில்லை. எனவே, இளையவர் தம்முடைய அனுமதிப்பத்திரக் காணியை “நானும் காணி போடுகிறேன்” என்று வாயாற் சொல்லி, அதன்மேல் மூவருடைய பணத்திலும் ஆலைக் கட்டடம் எழும்பிவிட்டால், பிரியும் நாளில் நிலத்தோடு ஒன்றிவிட்ட அந்தக் கட்டடத்தில் மற்ற இருவருக்கும் உரிமையை நிலைநாட்டுவது மகா கடினமான காரியமாகிவிடும். உறுதிக் காணியாயினும், அதைப் பங்குடைமைக்கு உரித்தாக்குவதற்குச் சாதாரணக் கடதாசி செல்லாது. நொத்தாரிசின் முன்னிலையில் சாட்சிகளுடன் எழுதப்பட்ட உறுதி வேண்டும். ஆகையால், காணி யாருடையது, கட்டடத்துக்கு யார் எவ்வளவு செலவிட்டார், பிரியும்போது கட்டடத்தின் பெறுமதியைக் காணிக்காரர் மற்றவர்களுக்குப் பணமாகக் கொடுப்பாரா என்பவற்றை, அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னரே பிரதேச செயலகத்தில் விசாரித்து, சட்டத்தரணியைக்கொண்டு எழுதிக்கொள்வதே விவேகம்.

இலாபப் பங்கீட்டுக்கு வருவோம். உடன்படிக்கை இல்லாவிடில் அல்லது இருந்தும் இதைப் பற்றி ஒன்றும் கூறாவிடில், சட்டம் இலாபத்தையும் நஷ்டத்தையும் பங்காளிகளுக்குச் சமமாகப் பிரித்துவிடும். அதிக முதலிட்டவருக்கு அதிக இலாபம் என்பது நமது ஊரார் பலரின் நம்பிக்கை. சட்டம் அப்படி ஊகிப்பதில்லை. அதைவிட முக்கியமானது, வியாபாரத்தில் உழைக்கும் பங்காளிக்கு அந்த உழைப்புக்காகச் சம்பளம் கேட்கும் உரிமையும் சட்டத்தில் இல்லை என்பது. நமது ஆலை ஓர் ஆண்டில் பன்னிரண்டு இலட்சம் ரூபா இலாபம் ஈட்டிற்று என்று வைத்துக்கொண்டால், இருபது இலட்சம் இட்டவருக்கும் நாலு இலட்சம், எட்டு இலட்சம் இட்டு இரவுபகலாக உழைத்தவருக்கும் அதே நாலு இலட்சம். இதில் முன்னவரும் திருப்தியடையார், பின்னவரும் திருப்தியடையார். அடுத்த ஆண்டு ஆலை ஒன்பது இலட்சம் நஷ்டப்பட்டால், ஆளுக்கு மூன்று இலட்சம் வீதம் தாங்க வேண்டும்.

இவர்கள் முன்யோசனையுடன் ஓர் உடன்படிக்கை எழுதியிருந்தார்கள் என்று கொள்வோம். ஆலையை நடத்தும் பங்காளிக்கு மாதம் நாற்பதாயிரம் ரூபா சம்பளம், மூலதனத்துக்கு ஆண்டுக்கு ஆறு வீத வட்டி, எஞ்சிய இலாபம் மூவருக்கும் சமம் என்பது அதன் வாசகம். பன்னிரண்டு இலட்சத்தில் சம்பளம் 480,000 ரூபாவும், நாற்பது இலட்சத்துக்கு வட்டி 240,000 ரூபாவும் போக, எஞ்சுவது 480,000 ரூபா, ஆளுக்கு 160,000. மூத்தவர் வட்டி 120,000 ரூபாவுடன் சேர்த்து 280,000 ரூபாவும், வியாபாரி 232,000 ரூபாவும், இளையவர் சம்பளத்துடன் 688,000 ரூபாவும் பெறுகிறார்கள். இந்த வீதமே நியாயமானதென்று நான் வாதிக்க வரவில்லை. பணத்துக்கும் உழைப்புக்கும் தனித்தனியே விலை வைத்து, மீதியைப் பிரிக்கும் முறையில், யாருக்கு எது எதற்காகக் கிடைக்கிறது என்பது மூவருக்கும் விளங்குகிறது. அதனால் மனத்தாங்கல் குறைகிறது. ஆனால் ஒன்று: நஷ்டமான ஆண்டிலும் அந்தச் சம்பளமும் வட்டியும் கொடுபடுமா என்பதை எழுத மறந்துவிடலாகாது. கொடுபடுமாயின் நஷ்டம் அந்த அளவுக்குப் பெருகும். பெருகிய நஷ்டத்தை எந்த வீதத்தில் தாங்குவது என்பதற்கும் ஒரு வரி வேண்டும். ஆண்டு முடிவில் பிரிக்கப்போகும் இலாபத்தை நம்பி மாதாமாதம் கைச்செலவுக்கு எடுக்கும் பணத்துக்கு ஓர் உச்சவரம்பும் வேண்டும்.

இனி, விலகல். இதைப் பற்றியே நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் உடன்படிக்கை எழுதுகிறவர்களும் இந்தப் பகுதியை அபசகுனமென்று கருதி இரண்டு வரிகளில் முடித்துவிடுகிறார்கள். காலவரையறை இல்லாத பங்குடைமையில், எந்தப் பங்காளியும் தாம் நினைத்த நேரத்தில் மற்றவர்களுக்கு அறிவித்தல் கொடுத்து அதை முடித்துவிடலாம். அவ்வாறு முடியும்போது ஒருவர் மட்டும் வெளியேற, ஏனையோர் தொடர்ந்து நடத்துவதற்குச் சட்டம் தானாக வழிவகுப்பதில்லை. பங்குடைமை முழுவதுமே கலைகிறது. சொத்துக்களை விற்று, முதலில் வெளியார் கடனையும், அடுத்துப் பங்காளிகள் கொடுத்த முற்பணங்களையும், அதன்பின் மூலதனத்தையும் தீர்த்து, மீதியை இலாப வீதத்தில் பிரிக்குமாறு எந்தப் பங்காளியும் கேட்கலாம். ஒரு பங்காளி இறந்தாலும், உடன்படிக்கை வேறுவிதமாகச் சொல்லாதவிடத்து, இதே கதிதான். நெல் அறுவடையாகி ஆலைக்கு வரும் வேளையில், இயந்திரங்களை ஏலத்தில் விடும்படி ஒருவர் நிர்ப்பந்திக்க முடியுமென்றால், மற்ற இருவருடைய பல வருட உழைப்பின் கதி என்னாகும்?

ஆகவே, ஒருவர் விலகினாலும் இறந்தாலும் எஞ்சியவர்கள் வியாபாரத்தைத் தொடர்வார்கள், விலகியவருடைய பங்கை அவர்கள் விலைக்கு வாங்கிக்கொள்வார்கள் என்ற வாசகமே உடன்படிக்கையின் உயிர்நாடி. விலகுவதற்கு மூன்று மாதமோ ஆறு மாதமோ முன்னறிவித்தல் வேண்டும் என்பதும், அது எழுத்தில் கையொப்பத்துடன் கொடுபட வேண்டும் என்பதும் கூடவே வரவேண்டும். அதன்பின் எழுகிற கேள்வி, விலை எப்படி என்பது.

ஐந்து ஆண்டுகளின் பின் நமது நெல் வியாபாரி விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மூலதனம் பன்னிரண்டு இலட்சம். எடுக்காமல் விட்ட இலாபம் ஓர் இலட்சம். கணக்குப் புத்தகத்தின்படி அவருக்குச் சேரவேண்டியது பதின்மூன்று இலட்சம். ஆனால், தேய்மானம் கழித்துப் புத்தகத்தில் பதினான்கு இலட்சமாக நிற்கும் இயந்திரங்கள், இன்றைய சந்தையில் இருபத்தாறு இலட்சத்துக்குப் போகும். அந்தப் பன்னிரண்டு இலட்ச வித்தியாசத்தில் மூன்றிலொன்றாகிய நாலு இலட்சம் அவருடையது. அத்துடன், ஆலைக்கு ஊரில் ஏற்பட்டுவிட்ட நற்பெயரும் வாடிக்கையும் ஒரு சொத்தே. கணக்கியலில் இதை நன்மதிப்பு என்பார்கள். சம்பளமும் வட்டியும் போன பின் எஞ்சும் இலாபத்தின் கடந்த மூன்றாண்டுச் சராசரியை இரண்டால் பெருக்கி அதை மதிப்பிடுவது என்று உடன்படிக்கையில் இருக்குமானால், சராசரி ஆறு இலட்சத்துக்கு நன்மதிப்பு பன்னிரண்டு இலட்சமாகும். அதிலும் நாலு இலட்சம் அவருக்கு. மொத்தம் இருபத்தொரு இலட்சம். மதிப்பிடும் முறை எழுதப்படாதவிடத்து, ஒருவர் பதின்மூன்று என்பார், மற்றவர் இருபத்தொன்று என்பார். இடையிலுள்ள எட்டு இலட்சத்துக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடுவார்கள்.

அந்த இருபத்தொரு இலட்சத்தை ஒரே நாளில் கொடுப்பதற்கு ஆலையில் பணமிராது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். காலபோக அறுவடைக்குப் பின்னும் சிறுபோக அறுவடைக்குப் பின்னுமாக ஆண்டுக்கு இரண்டு தவணைகளில், தவணைக்கு மூன்று இலட்சம் வீதம் ஏழு தவணைகளில், நிலுவைக்குக் குறித்த வட்டியுடன் கொடுப்பது என்று எழுதினால், வன்னியின் பணப்புழக்கத்துக்கு அது பொருந்தும். கணக்குத் தீர்க்காமலே எஞ்சியவர்கள் வியாபாரத்தைத் தொடர்ந்து நடத்தினால், உடன்படிக்கை வேறு கூறாதவிடத்து, விலகியவர் தமது பங்கைப் பாவித்து அவர்கள் ஈட்டிய இலாபத்தையோ, அதற்குப் பதிலாக ஆண்டுக்கு ஐந்து வீத வட்டியையோ தெரிவுசெய்துகொள்ளும் உரிமையுடையவர் என்பதையும் அறிந்துவைக்க வேண்டும்.

விலகுகிறவர் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பங்குகளைத் தீர்த்துக் கையெழுத்திட்டுவிட்டால் பழைய கடன்களிலிருந்தும் விடுபட்டதாக அவர் எண்ணிவிடக்கூடாது. அவர் பங்காளியாயிருந்த காலத்தில் ஏற்பட்ட கடனுக்கு அவர் தொடர்ந்தும் பொறுப்பாளியே. கடனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எஞ்சியவர்கள் எழுதிக்கொடுப்பது அவர்களுக்குள்ளே செல்லுமேயன்றி வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கியே எழுத்துமூலம் அவரையும் அவருடைய பிணைக் கையொப்பத்தையும் விடுவிக்க வேண்டும். அதுமட்டுமன்று, அவர் விலகியதை அறியாமல் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் பின்னரும் கடன் கொடுத்தால், அதற்கும் அவர் பதில் சொல்ல நேரலாம். ஆகவே, வங்கிக்கும் நெல் தருபவர்களுக்கும் தனித்தனியே கடிதம் அனுப்பி, பத்திரிகையில் அறிவித்தல் பிரசுரித்து, வியாபாரப் பெயர்ப் பதிவிலிருந்து தமது பெயரை நீக்குவித்த பின்னரே அவர் நிம்மதியாக இருக்கலாம்.

வெளிநாட்டிலுள்ள பங்காளி, தமக்காகக் கையொப்பமிடும் ஒருவருக்கு அற்றோர்ணித் தத்துவம் கொடுத்திருப்பதும், பணத்தைக் கையிற் கொடுத்தனுப்பாமல் பங்குடைமையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புவதும் அத்தியாவசியம். தம்பியின் சொந்தக் கணக்குக்குப் போன பணம் மூலதனமா, கடனா, குடும்பச் செலவுக்கான உதவியா என்பதைப் பின்னர் யாராலும் நிச்சயித்துக் கூற இயலாது.

பங்குடைமையை எழுத்தில் ஸ்தாபிக்க நொத்தாரிசு கட்டாயமில்லை. கையொப்பமிட்ட எழுத்தே போதும். எனினும், இடம்பெயர்வில் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் உறுதிகளையும் பத்திரங்களையும் இழந்த மண் இது. நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய பத்திரத்தின் ஒரு பிரதி அவரிடமும் இன்னொன்று காணிப் பதிவகத்திலும் தங்கிவிடுவதால், வீட்டிலுள்ள பிரதி அழிந்தாலும் ஆதாரம் அழிவதில்லை. அந்தச் செலவு வீண்செலவன்று.

பிணக்கு மூண்ட பின் செய்யத்தக்கவையும் உண்டு. கணக்குப் புத்தகங்களைப் பார்வையிட்டுப் பிரதியெடுக்கும் உரிமை ஒவ்வொரு பங்காளிக்கும் சட்டப்படி உள்ளது. அதை மறுப்பவரிடம் முதலில் எழுத்தில் கேளுங்கள். சிறிய தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்குப் போகுமுன் பிரதேச மத்தியஸ்த சபைக்குப் போயாக வேண்டும். பெரிய தொகையாயின், உடன்படிக்கையில் அதற்கான வாசகம் இருந்தால், 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின்படி இரு பக்கத்தாரும் ஏற்ற ஒருவரிடம் தீர்ப்புப் பெறலாம். எழுத்தில்லாமல் முதலிட்டுவிட்டவர்கள், வங்கிச் சீட்டுகளையும் கடிதங்களையும் குறுஞ்செய்திகளையும் பத்திரப்படுத்திக்கொண்டு, கொடுத்த பணத்தை வேறெந்த அடிப்படையில் மீட்கலாம் என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் காலந்தாழ்த்தாமல் கேட்க வேண்டும். கூட்டாளியுடன் இன்னும் மனமொத்திருப்பவர்கள், அந்த ஒற்றுமை இருக்கும்போதே உடன்படிக்கையை எழுதிவிட வேண்டும். எழுதிய பங்குடைமைப் பத்திரம் மீறப்பட்டால், மீறப்பட்ட நாளிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும் என்று 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. எழுத்தில்லாத உடன்பாடுகளின்மீது கேட்கும் பணத்துக்கு அந்த எல்லை மூன்று ஆண்டுகளே.